அதிகாலை மூன்று மணிக்கு நெல்லை சந்திப்பில் இறங்கினால்: காத்திருப்பதா, காரா, பஸ்ஸா?

கல்லிடை மருமகள் | புதன், இரவு 9.10

நெல்லைப் பக்கத்து வழி தெரிந்தவர்களிடம் ஒரு கேள்வி. வருகிற திங்கட்கிழமை இரவு கோவையிலிருந்து நாகர்கோவில் ரயிலில் புறப்படுகிறோம். திருநெல்வேலி சந்திப்பில் மூன்று மணி வாக்கில் இறங்க வேண்டும். அங்கிருந்து கல்லிடைக்குறிச்சி போக வேண்டும். செவ்வாய்க்கிழமை எங்கள் குடும்பக் கோயிலில் கொடை. காலை ஒன்பது மணிக்குப் பால்குடம் புறப்படும். அதற்குள் வீட்டுக்குப் போய்க் குளித்துத் தயாராகிவிட வேண்டும்.

என்னுடன் என் மாமியாரும் மகனும் வருகிறார்கள். அத்தைக்கு எழுபத்திரண்டு வயது, இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி இன்னும் ஒரு வருடம் நிறையவில்லை. மகனுக்கு எட்டு வயது. இரண்டு பெட்டி, ஒரு பை, கோயிலுக்குக் கொடுக்க ஒரு பித்தளைப் பானை. வழக்கமாக என் கணவர் கூட வருவார், இந்த முறை அவர் மதியம்தான் வந்து சேர்கிறார்.

விடியும்வரை ஸ்டேஷனிலேயே இருப்பதா, கார் வைத்துக்கொள்வதா, பஸ்ஸில் போவதா? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அந்த நேரத்தில் அங்கே இறங்கிப் பழகியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பனங்காட்டான் | புதன், இரவு 9.31

மூன்று மணி ரயிலுக்கு இரண்டரைக்கே வந்துவிடுங்கள் அம்மா. அந்த நேரத்தில் நடைமேடையைக் கடைசியில் மாற்றி அறிவிப்பார்கள். பெரியவர்களை வைத்துக்கொண்டு ஓட முடியாது. பெட்டி எங்கே நிற்கும் என்பதை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பை ஆசிரியை | புதன், இரவு 9.40

பனங்காட்டான் அண்ணாச்சி, அவர்கள் ஏறவில்லை, இறங்குகிறார்கள். மூன்று மணிக்கு இறங்கிய பிறகு கல்லிடை போவது எப்படி என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

ரதவீதி வாசகன் | புதன், இரவு 10.02

இதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஜங்ஷன் பஸ் நிலையம் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. பாபநாசம் பஸ் எதில் ஏறினாலும் கல்லிடையில் இறங்கலாம். பஸ் இல்லையென்றால் ஆட்டோ. ஆட்டோவுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் இருக்கிறது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், இரவு பதினொன்று முதல் காலை ஐந்து வரை ஒன்றரை மடங்கு. அதற்குமேல் ஒரு ரூபாய் கேட்டாலும் கொடுக்காதீர்கள், சட்டம் நம் பக்கம் இருக்கிறது.

பழைய புக்கிங் கிளார்க் | புதன், இரவு 10.48

ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் வேலையிலேயே ஓய்வு பெற்றவன் நான். இரவுப் பணியில் இதே கேள்வியைக் கவுன்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பலரும் கேட்பார்கள். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ரதவீதி தம்பி சொன்னதற்கு. ஜங்ஷன் பஸ் நிலையம் பக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் வெளியூர் பஸ்கள் 2003-இல் வேய்ந்தான்குளம் புதிய பஸ் நிலையத்துக்குப் போய்விட்டன. ஜங்ஷன் நிலையத்தை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடித்துக் கட்டித் திறந்த பிறகும் அது முக்கியமாக நகரப் பஸ்களுக்கான இடம்தான். மூன்று மணிக்கு அங்கே போய் நின்றால் பூட்டிய கடைகளைத்தான் பார்க்கலாம். நகரப் பஸ் ஓடத் தொடங்க விடிய வேண்டும். ஆகவே அந்த நேரத்தில் 'பஸ்' என்று சொல்வதில் இரண்டு பயணம் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டைப் பக்கம் ஐந்து கிலோமீட்டர் ஆட்டோ, அதன் பிறகுதான் பஸ். முதல் பயணத்தைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆட்டோ கட்டணம் பற்றித் தம்பி சொன்ன எண்கள் சரியானவை, ஆனால் அவை 2013-இல் சென்னைக்கு அறிவிக்கப்பட்டவை. அந்தக் கணக்குப்படி ஐந்து கிலோமீட்டருக்கு இரவில் நூறு ரூபாய்கூட ஆகாது. இங்கே மீட்டர் போட்டு ஓட்டும் வழக்கம் கிடையாது. பேசித்தான் ஏற வேண்டும். சட்டத்தைக் காட்டி மூன்று மணிக்கு நடுத்தெருவில் வாதாடினால் பெரியவர்தான் நின்றுகொண்டிருப்பார்.

அடுத்தது திசை. நெல்லையில் இரவு பஸ்ஸைப் பொறுத்தவரை எல்லாமே நீங்கள் போகும் திசையில்தான் இருக்கிறது. தெற்கே நாகர்கோவிலுக்கும் வடக்கே மதுரைக்கும் இரவு முழுக்கப் பஸ் உண்டு. மதுரையிலிருந்து நாகர்கோவில், மார்த்தாண்டம், திருவனந்தபுரம் என்று போகிற நீண்டதூரப் பஸ்கள் எல்லாம் அந்த வழியில்தான் ஓடுகின்றன. நாகர்கோவிலுக்கோ வள்ளியூருக்கோ போகிறவருக்கு மூன்று மணி ஒரு பொருட்டே இல்லை. மேற்கே அம்பை, பாபநாசம், தென்காசி, கிழக்கே திருச்செந்தூர், இவற்றின் கதை வேறு. அவை உள்ளூர் மக்களின் நாளை ஒட்டி ஓடும் பஸ்கள். கடைசிப் பஸ் போனால் பிறகு முதல் பஸ்தான், நடுவில் ஒரு பெரிய இடைவெளி. கல்லிடை இந்த இடைவெளிக்குள் விழுகிறது. மூன்றரைக்குப் புதிய பஸ் நிலையம் போய்ச் சேர்ந்தாலும் அங்கேயும் காத்திருக்கத்தான் வேண்டும். அதை ஸ்டேஷனுக்குள்ளேயே இருந்து காத்திருக்கலாமே.

இதுவரை யாரும் சொல்லாத நான்காவது வழி ஒன்று இருக்கிறது. இறங்கிய ஸ்டேஷனை விட்டு வெளியே போகவே வேண்டாம். காலை ஏழு மணியை ஒட்டி செங்கோட்டைக்கு ஒரு பாசஞ்சர் அங்கிருந்தே கிளம்புகிறது. டவுன், பேட்டை, சேரன்மாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், அடுத்தது கல்லிடைக்குறிச்சி. ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். டிக்கெட் மூன்று பேருக்கும் சேர்த்து ஓர் ஆட்டோக் கட்டணத்தில் கால்வாசிகூட வராது. கிளம்பும் இடமே அது என்பதால் முன்னதாக ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். எட்டு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கலாம். அந்த வாரத்து நேரத்தை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், நேர அட்டவணை மாறுவதுண்டு.

சேரன்மாதேவி ஓட்டுநர் | வியாழன், காலை 6.15

கார் ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். கிளார்க் ஐயா சொன்னது எல்லாம் சரி, கார்க் கணக்கை அவர் தொடவில்லை. அதை நான் சொல்கிறேன்.

இணையத்தில் 'ஒரு வழிக் கட்டணம் மட்டும்' என்று விளம்பரம் செய்கிற டாக்ஸி நிறுவனங்களைப் பார்த்துவிட்டு, முப்பத்தைந்து கிலோமீட்டர்தானே, ஐந்நூறு ரூபாயில் முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நிறுவனங்களில் பல, குறைந்தபட்சம் 130 கிலோமீட்டருக்குப் பணம் வாங்கும். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்றால் 1,820 ரூபாய். ஓட்டுநர் படி 400 ரூபாய் தனி. ஆக, நீங்கள் போவது முப்பத்தைந்து கிலோமீட்டர், கொடுப்பது 2,220 ரூபாய். அது மதுரைக்குப் போகிறவர்களுக்குப் பொருந்தும் கட்டணம், கல்லிடைக்கு அல்ல.

ஊர்க்கார் என்றால் கணக்கு வேறு. கல்லிடையிலிருந்தோ அம்பையிலிருந்தோ வண்டி காலியாக வந்து உங்களை ஏற்றிக்கொண்டு திரும்பும். போகவர எழுபது கிலோமீட்டர். நான் கிலோமீட்டருக்குப் பதினைந்து வாங்குகிறேன், 1,050 ரூபாய். இரவுப் படி முந்நூறு. மொத்தம் 1,350. ரயில் ஒரு மணி நேரத்துக்குமேல் தாமதமானால் காத்திருப்புக்கு ஏதாவது சேர்த்துக் கேட்போம். அதையும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. அம்பைச் சாலையில் சுங்கச்சாவடி கிடையாது, அந்தச் செலவு இல்லை. மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், பத்தமடை வழியாக அந்த நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

செயலியில் அழைத்துக்கொள்ளலாம் என்று நம்பி வராதீர்கள். அந்த நேரத்தில் ஊருக்குள் போகவே வண்டி கிடைப்பது சிரமம். கல்லிடை என்றால் திரும்பக் காலியாக வர வேண்டுமே என்று ஏற்றுக்கொண்டு பிறகு ரத்து செய்துவிடுவார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். நாளைச் சொல்லும்போது கவனமாகச் சொல்லுங்கள். 'திங்கட்கிழமை இரவு மூன்று மணிக்கு வருகிறோம்' என்று போனில் சொல்வார்கள். ஓட்டுநர் அதை ஞாயிறு போய்த் திங்கள் பிறக்கிற மூன்று மணி என்று எடுத்துக்கொண்டு ஒரு நாள் முன்னதாகவே வந்து நின்றுவிடுவார். அல்லது டிக்கெட்டில் திங்கள் தேதி இருக்கிறதைப் பார்த்து அதே தேதியைச் சொல்லிவிடுவார்கள். எங்கள் தொழிலில் அதிகாலை வண்டி தவறிப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நீங்கள் சொல்ல வேண்டியது: 'செவ்வாய்க்கிழமை விடியற்காலை மூன்று மணி, திங்கள் ராத்திரி படுத்து எழுந்து வர வேண்டும்.' தேதியையும் ரயில் எண்ணையும் எழுத்தில் அனுப்புங்கள். ஓட்டுநர் திருப்பி அதையே எழுதி அனுப்பினால்தான் பேச்சு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் எண் இருந்தால் வண்டி எங்கே வருகிறது என்று நாங்களே போனில் பார்த்துக்கொண்டு கிளம்புவோம்.

அம்பை ஆசிரியை | வியாழன், காலை 7.05

கிளார்க் ஐயாவின் பாசஞ்சர் யோசனையை நான் மதிக்கிறேன், நானே அந்த ரயிலில் போய்வருகிறவள்தான். ஆனால் இந்தக் குடும்பத்துக்கு அது பொருந்தாது என்று நினைக்கிறேன்.

மூன்று மணியிலிருந்து ஏழு மணி வரை நான்கு மணி நேரம். அந்தக் காத்திருப்பு அறை நாற்காலிகளைப் பார்த்திருக்கிறீர்களா? துளை போட்ட இரும்புத் தகடு, இருக்கைக்கு இருக்கை நடுவில் கைப்பிடி. அந்தக் கைப்பிடி இருப்பதால் காலை நீட்டிப் படுக்க முடியாது. முழங்காலில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் காலைத் தொங்கவிட்டபடி நீண்ட நேரம் உட்கார்ந்தால் கணுக்கால் வீங்கிவிடும், என் அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. இரண்டு மணி நேரம் போனதும் எழுந்து நிற்கவே ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. இதில் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் பெட்டிகளை யார் பார்ப்பது, தூங்குகிற பையனை யார் பார்ப்பது? உடன் இன்னொரு பெரியவர் இருந்தால் சமாளிக்கலாம். நீங்கள் ஒருவர்தான்.

நானே தனியாக வந்தால் காத்திருப்பேன், அதில் எனக்குப் பயமில்லை. பெண்கள் அறை இருக்கிறது, ரயில்வே போலீசார் நடமாட்டம் இருக்கிறது, ஏதாவது என்றால் 139 இருக்கிறது. பாதுகாப்பைப் பற்றி நான் பேசவில்லை. முழங்காலைப் பற்றிப் பேசுகிறேன்.

ரதவீதி வாசகன் | வியாழன், காலை 8.20

அப்படியானால் ஸ்டேஷனிலேயே ஓய்வறை எடுத்துக்கொள்ளலாமே. இறங்கியதும் கேட்டால் கொடுப்பார்கள். கட்டில் இருக்கிறது, குளித்துவிட்டே கிளம்பலாம்.

பழைய புக்கிங் கிளார்க் | வியாழன், காலை 9.12

ஓய்வறை நல்ல யோசனைதான் தம்பி, ஆனால் இறங்கியதும் கேட்டால் கிடைக்கும் என்று நம்பி வரக்கூடாது. இருப்பதே சில அறைகள். ஐஆர்சிடிசி தளத்தில் உறுதியான டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே பதிவு செய்கிறார்கள். அங்கேயும் ஓட்டுநர் தம்பி சொன்ன அதே தேதிச் சிக்கல் உண்டு. டிக்கெட்டில் திங்கள் தேதி இருக்கும், அறை வேண்டியது செவ்வாய் விடியற்காலைக்கு. தேதியைக் கவனிக்காமல் பதிவு செய்துவிட்டு மூன்று மணிக்கு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு அறையும் இல்லை, கட்டிய பணமும் இல்லை.

ஆசிரியை அம்மா சொன்ன முழங்கால் விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அது நியாயம். ஓய்வறை கிடைத்தால் காத்திருக்கலாம், கிடைக்காவிட்டால் கார். இப்படி மாற்றிச் சொல்கிறேன்.

மேலகரம் மாணவன் | வியாழன், மதியம் 1.30

என் கேள்வியையும் இதிலேயே கேட்டுவிடுகிறேன், தனி இழை வேண்டாம். நானும் மாதம் ஒரு முறை அதே ரயிலில் வருகிறேன். தென்காசி பக்கம் மேலகரம். தனி ஆள், தோளில் ஒரு பை மட்டும். காருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. இதுவரை புதிய பஸ் நிலையத்துக்கு ஆட்டோவில் போய், முதல் தென்காசி பஸ்ஸுக்காக அங்கே உட்கார்ந்திருப்பேன். ஆட்டோவுக்கு இருநூறு கேட்கிறார்கள். பஸ் டிக்கெட்டைவிட அது அதிகமாக இருக்கிறது. ஸ்டேஷனிலேயே இருக்கலாம் என்றால், என் டிக்கெட்தான் நெல்லையோடு முடிந்துவிட்டதே, கேட்டால் என்ன சொல்வது?

பழைய புக்கிங் கிளார்க் | வியாழன், மாலை 4.05

தம்பி, உனக்குத்தான் அந்தப் பாசஞ்சர் எழுதி வைத்தது போல இருக்கிறது. அது தென்காசி வழியாகத்தான் செங்கோட்டை போகிறது. இறங்கியதும் முன்பதிவில்லா டிக்கெட் கவுன்டருக்குப் போய்த் தென்காசிக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொள். இப்போது நீ பயணத்தை முடித்தவன் அல்ல, அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பவன். யார் கேட்டாலும் காட்டலாம்.

மூன்று மணிக்கு வாங்கிய டிக்கெட் ஏழு மணிக்குச் செல்லுமா என்று அடுத்துக் கேட்பாய், கவுன்டரில் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். இருநூறு கிலோமீட்டருக்கு உட்பட்ட முன்பதிவில்லா டிக்கெட்டுக்கு, வாங்கிய நேரத்திலிருந்து மூன்று மணி நேரம், அல்லது அந்த ஊருக்கு அடுத்துக் கிளம்பும் முதல் ரயில், இந்த இரண்டில் எது பின்னால் வருகிறதோ அதுவரை செல்லும். ஆறு மணியோடு செத்துப்போய்விடும் என்று பயந்து ஐந்தரைக்கு மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டாம். அதே சமயம் அந்த ஏழு மணி ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினால் அந்த டிக்கெட் செல்லாது.

அவசரமாக ஊருக்குப் போக வேண்டிய நாளில் மட்டும் பஸ்ஸைத் தேடு. அப்போதும் மூன்று மணிக்கே ஆட்டோ ஏறாதே. ஸ்டேஷனில் இருந்துவிட்டு நான்கு, நாலரைக்குக் கிளம்பு. உன்னைப் போலத் தனியாகப் பையோடு நிற்பவர்கள் இரண்டு மூன்று பேர் எப்போதும் இருப்பார்கள். எல்லோரும் போவது புதிய பஸ் நிலையத்துக்குத்தான். சேர்ந்து ஓர் ஆட்டோ பேசினால் ஆளுக்கு ஐம்பது, அறுபதில் முடிந்துவிடும்.

பனங்காட்டான் | வியாழன், மாலை 5.22

கேள்வியை இப்போதுதான் சரியாகப் படித்தேன் தங்கச்சி. நான் அடிக்கடி அந்த ரயிலில் வருவது உண்டு, ஆனால் எனக்கு வள்ளியூர். ரயில் நாகர்கோவில் வரை போவதால் நெல்லையில் இறங்கவே வேண்டியதில்லை. உங்களுக்கு அதனால் ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல முடியும். அந்த ரயில் நெல்லையோடு முடிவதில்லை. அங்கே நின்று கிளம்பிவிடும். எல்லோரும் இறங்கும் சத்தம் கேட்டு விழித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். பெட்டியில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டே தெற்கே போவார்கள். கோவில்பட்டியிலேயே எழுந்துவிடுங்கள், அங்கிருந்து நெல்லைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கிறது. மணியாச்சி தாண்டியதும் பெட்டிகளைக் கதவுப் பக்கம் நகர்த்திவிடலாம். மதுரைக்கும் நெல்லைக்கும் இடையே இரட்டைப் பாதை போட்ட பிறகு எதிர் வண்டிக்காக வழியில் நிறுத்திப்போடுவது குறைந்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிடுவதும் உண்டு.

கல்லிடை மருமகள் | வியாழன், இரவு 8.45

எல்லோருக்கும் நன்றி. கோவில்பட்டி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, பனங்காட்டான் அண்ணன்.

ஓய்வறை பார்த்தேன், செவ்வாய்த் தேதிக்கு எதுவும் காலியாக இல்லை. ஓட்டுநர் அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். நாத்தனார் சொல்கிறார், கார் முன்பதிவு எல்லாம் வேண்டாம், ஸ்டேஷன் வாசலிலேயே கார்கள் நிற்கும், இறங்கியதும் பேசிக்கொள்ளலாம், குறைத்துக் கேட்டால் ஆயிரத்துக்கே வருவார்கள் என்று. அது சரிதானா?

சேரன்மாதேவி ஓட்டுநர் | வியாழன், இரவு 10.30

சில நாள் நிற்கும், சில நாள் நிற்காது. நிற்கிற நாளில் ஆயிரத்துக்கும் வருவார்கள், இரண்டாயிரமும் கேட்பார்கள். கையில் குழந்தை, பக்கத்தில் நடக்க முடியாத பெரியவர், நேரம் மூன்றேகால் என்று இருக்கும்போது பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்காது அக்கா. அதை அவர்களும் பார்த்தவுடன் தெரிந்துகொள்வார்கள்.

வாசலில் பேசுவதாக இருந்தால் ஒன்றை மட்டும் பாருங்கள். நம்பர் பலகை மஞ்சளாக இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டி சொந்த உபயோகத்துக்கு உரியது, அதை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு. வழியில் ஏதாவது நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். இருட்டில் பலகையின் நிறம் சரியாகத் தெரியாது. போன் விளக்கை அடித்துப் பாருங்கள், பார்த்தபடியே ஒரு படமும் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஓட்டுநர் நேர்மையானவராக இருந்தால் அதற்குக் கோபப்பட மாட்டார்.

இன்னொன்று. வண்டி எங்கே நிற்கும் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். 'ஸ்டேஷன் வாசல்' என்றால் போதாது. வண்டிகளை வெளியே தள்ளி நிறுத்தச் சொல்லிவிடுவார்கள், பிறகு இருவரும் போனில் 'எங்கே நிற்கிறீர்கள்' என்று கேட்டுக்கொண்டே இருப்போம். முழங்கால் சரியில்லாதவர் இருக்கிறார் என்று முன்பே சொன்னால் ஓட்டுநர் உள்ளே வந்து பெட்டியைத் தூக்கிக்கொள்வார், நீங்கள் அத்தையைப் பிடித்துக்கொண்டு வரலாம். முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்த்து அத்தையை அதில் உட்கார வையுங்கள். பின் இருக்கையில் முழங்காலை மடக்க வேண்டியிருக்கும்.

ரதவீதி வாசகன் | வெள்ளி, காலை 7.50

பஸ்ஸை எல்லோரும் ஒரேயடியாக ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. என் சித்தப்பா கல்லிடைதான். நான்கு மணி தாண்டியதும் பாபநாசத்துக்கு ஒரு பஸ் உண்டு, அதில் ஏறினால் விடிவதற்குள் போய்விடலாம் என்கிறார். அது ஜங்ஷன் வழியாகவே வரும் என்றும் சொல்கிறார். அப்படியானால் ஆட்டோவே வேண்டாம்.

அம்பை ஆசிரியை | வெள்ளி, காலை 8.30

எனக்குத் தெரிந்து முதல் பஸ் ஐந்தை ஒட்டித்தான், அதுவும் மேலப்பாளையம் வழியாகப் போவது. ஜங்ஷன் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. உங்கள் சித்தப்பா எப்போது அதில் போனார் என்று கேட்டுச் சொல்லுங்கள். கோயில் விசேஷ நாட்களில் கூடுதலாக விடுவது உண்டு, அதில் போயிருக்கலாம்.

பஸ் இருந்தாலும் இவர்களுக்கு ஆகாது. அந்தப் படியின் உயரத்தை நினைத்துப் பாருங்கள். முதல் படியே முழங்கால் அளவுக்கு இருக்கிறது. நடத்துநர் நல்லவராக இருந்தாலும் கை கொடுத்துத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும்.

மேலகரம் மாணவன் | வெள்ளி, காலை 10.15

ஜங்ஷன் வழியாக வரும் என்று நம்பிப் பாலத்தடியில் நிற்காதீர்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். தென்காசி பஸ்ஸுக்கு அப்படி யாரோ சொல்லி நின்றிருக்கிறேன். ஈரடுக்கு மேம்பாலத்துப் பக்கம் நாய்கள்தான் கூட நின்றன. பஸ் வரவில்லை.

கிளார்க் ஐயா, தென்காசி டிக்கெட் யோசனைக்கு மிக்க நன்றி. அடுத்த மாதம் அப்படித்தான் வரப்போகிறேன்.

கல்லிடை மருமகள் | வெள்ளி, இரவு 9.20

முடிவு செய்துவிட்டோம். கடைசியில் அத்தையிடமே கேட்டேன், இத்தனை நேரம் அவரை வைத்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம், அவரிடம் யாருமே கேட்கவில்லை. 'வீட்டில் போய் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுத்தால்தான் என்னால் பால்குடத்தின் பின்னால் நடக்க முடியும்' என்று சொல்லிவிட்டார். அவர் நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பயணமே. அறுவை சிகிச்சைக்கு முன் வேண்டிக்கொண்டது.

எங்கள் தெருவில் கார் வைத்திருப்பவரிடம் பேசியாகிவிட்டது. ஓட்டுநர் அண்ணன் சொன்ன கணக்கையே சொன்னேன், அவர் 1,400 கேட்டார், ஒத்துக்கொண்டேன். ரயில் நான்கு மணிக்குமேல் தாமதமானால் நூறு ரூபாய் கூடுதல். 'செவ்வாய்க்கிழமை விடியற்காலை' என்று தேதியோடு எழுதி அனுப்பினேன். அவர் 'சரி' என்று மட்டும் பதில் போட்டார், மறுபடியும் கேட்டு முழுவதையும் எழுத வைத்துவிட்டேன். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. நான்கரைக்குக் கதவைத் தட்டுவோம் என்று அவர்களுக்கும் சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது கணவரும் இருப்பார், பகல் நேரம். அப்போது கல்லிடையிலிருந்து பாசஞ்சரில் நெல்லை வருவோம். மகன் அந்த ரயிலில் போக வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டான்.

பழைய புக்கிங் கிளார்க் | சனி, காலை 6.40

நல்ல முடிவு அம்மா. இன்னும் ஒன்று. முதல் நடைமேடையில் வரவில்லையென்றால் வெளியே வரப் பாலம் ஏறி இறங்க வேண்டும். இறங்கியதும் கூட்டத்தோடு படிக்கட்டுப் பக்கம் போய்விடாதீர்கள். அத்தையை அங்கேயே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, லிஃப்ட் எந்தப் பக்கம், அந்த நேரத்தில் ஓடுகிறதா என்று ஊழியரிடம் கேட்டுக்கொண்டு நகருங்கள். காரும் வீடும் காத்திருக்கும், அவசரம் இல்லை.

ரதவீதி தம்பி, அந்த நான்கு மணிப் பஸ் விஷயம் எனக்கும் தெரிய வேண்டும். நாளை பாளையங்கோட்டைப் பக்கம் போகிறேன், புதிய பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளரிடம் கேட்டு எழுதுகிறேன். அதற்குள் உன் சித்தப்பா எந்த வருடம் அதில் போனார் என்று நீ கேட்டு வை.